இடிந்த எஸ்டேட் பங்களாவைப் படமாக வரவழைப்பது: பிராம்ப்ட் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் புத்தக அட்டையும் குறும்பட போஸ்டரும் வடிவமைப்பது என் தொழில். கொஞ்ச காலமாக வருகிறவர்கள் பலரும் ஒரே படத்தைத்தான் கேட்கிறார்கள். ஏற்காட்டுப் பக்கம் ஆளில்லாத ஒரு பழைய பங்களா, கூரை பிய்ந்திருக்க வேண்டும், உள்ளே செடி முளைத்திருக்க வேண்டும், ஓட்டை வழியே வெயில் கீற்றாக இறங்க வேண்டும், பார்த்தால் மனசு அடங்க வேண்டும். படம் வரையும் மென்பொருளில் தாங்களே போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக வரவில்லை என்று போனைக் கையில் பிடித்தபடி வருகிறார்கள். சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிராம்ப்ட்னு ஒரு வரி போட்டா போதாதாண்ணா? "செடி மூடுன பாழடைஞ்ச வீடு"ன்னு போட்டேன், ஏதோ வெளிநாட்டு சர்ச் மாதிரி வந்திருக்கு.

நீங்கள் சொல்லாமல் விட்டதை மென்பொருள் தானாக நிரப்பிக்கொள்ளும். எதை வைத்து நிரப்பும்? தான் பழகிய கோடிக்கணக்கான படங்களில் அந்தச் சொற்களோடு அதிகம் சேர்ந்து வந்ததை வைத்து. பாழடைந்த கட்டிடம், செடி, வெளிச்சம் என்ற மூன்றும் சேர்ந்த படங்களில் ஐரோப்பியக் கல் கட்டிடங்களும் வளைவு ஜன்னல்களும் ஐவிக் கொடியும் ஏராளம். அதனால் உங்களுக்கு சர்ச் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆகவே எழுத உட்காருமுன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். கூரை எங்கே உடைந்திருக்கிறது? தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது? கடைசியாக ஆள் இருந்து எவ்வளவு காலம் ஆகிறது? வெளிச்சம், பாசி, செடி எல்லாமே இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதன் விளக்கம்தான்.

தமிழ்லயே எழுதலாமா, இங்கிலீஷ்தான் போடணுமா?

எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பழைய வடிவங்களில் சொற்களைப் படிக்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கில விவரிப்புகளைக் கொண்டு பழக்கப்பட்டது. தமிழ் எழுத்தைக் கொடுத்தால் துண்டு துண்டாக உடைத்து, பொருள் பிடிபடாமல் எதையாவது வரைந்துவிடும். உரையாடல் வடிவில் இயங்கும் புதிய மென்பொருள்களில் தமிழில் எழுதினாலும் நன்றாகவே வருகிறது.

என் வழக்கம், முதலில் தமிழில் முழு வாக்கியங்களாக எழுதிவிடுவது. அந்த அறைக்குள் நிற்கிற மாதிரி யோசிக்கத் தமிழ்தான் எனக்கு வசதி. அப்புறம் தேவைப்பட்டால் எளிய ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வேன். மாற்றும்போது அகராதியில் உள்ள பெரிய சொல்லை எடுக்காமல், புகைப்படத்துக்குக் கீழே சாதாரணமாக எழுதும் சொல்லைப் போடுங்கள். சீமை ஓட்டுக்கு `clay roof tiles` போதும்.

பிராம்ப்ட்ல "ஏற்காடு"ன்னு சேர்த்தா ஏற்காடு மாதிரி வந்துடாதா?

வராது. ஊர்ப் பெயர் போட்டால் "இந்திய மலை வாசஸ்தலம்" என்ற பொதுவான எண்ணம்தான் அதற்குப் போய்ச் சேருகிறது. உடனே பனி, வளைந்த சாலை, வரிசை வரிசையாகத் தேயிலை. ஏற்காட்டில் தேயிலை எங்கே இருக்கிறது? சேர்வராயன் மலை காபி மலை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. தேயிலைச் சரிவு பின்னால் தெரிகிற படத்தை ஏற்காட்டுக்காரர் யாரிடமாவது காட்டிப் பாருங்கள், ஊட்டியா என்று கேட்பார்.

ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, ஊரில் கண்ணால் பார்ப்பதை எழுதுங்கள். உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் தொற்றி ஏறிய மிளகுக்கொடி, அந்த நிழலில் கரும்பச்சையாகப் பளபளக்கும் காபிச் செடிகள். கட்டிடம் என்றால் கருங்கல் அடித்தளம், தடிமனான சுண்ணாம்புக் காரைச் சுவர், கைமரமும் ரீப்பரும் தாங்கிய ஓட்டுக் கூரை, முன்னால் தாழ்வாரம். இத்தனையையும் ஒரே படத்தில் அடைக்க வேண்டியதில்லை. உள் அறைதான் படம் என்றால், உடைந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் தண்டும் நாலு காபிக் கிளையும் தெரிந்தால் இடம் புரிந்துவிடும்.

செடின்னு போட்டா தொட்டிச் செடி மாதிரி வரிசையா நிக்குது, இல்லேன்னா சுவர் பூரா ஐவி. நம்ம ஊர்ல பாழடைஞ்ச வீட்டுல உண்மையிலேயே என்னதான் முளைக்கும்?

நம் ஊரில் கட்டிடத்தை உடைக்கிற செடி என்றால் முதலில் அரசும் ஆலும் இச்சியும்தான். பழத்தைத் தின்ற பறவை சுவர் உச்சியில் எச்சமிடும். கூரை போன பிறகு அங்கே மழை நிற்கும், சுண்ணாம்புக் காரையில் விரிசல் இருக்கும், விதைக்கு அது போதும். அதனால் இந்த மரங்கள் தரையிலிருந்து மேலே ஏறுவதைவிட, சுவர் உச்சியில் முளைத்து வேரைக் கீழே இறக்குவதுதான் வழக்கம். உருகிய மெழுகு வழிவது போல வேர் சுவரோடு ஒட்டி இறங்கும். ஜன்னல் வந்தால் இரண்டாகப் பிரிந்து, சட்டத்தைச் சுற்றிப் போய், கீழே மறுபடி சேரும். படத்தில் இந்த ஒன்றைச் சரியாக வரவழைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிராம்ப்டில் `fig roots growing down from the top of the wall` என்று திசையோடு எழுத வேண்டும். வெறுமனே `roots` என்றால் தரையில் பாம்பு பாம்பாகப் போட்டுவிடும்.

ஈரம் கசியும் சுவர் விரிசலில் பெரணி முளைக்கும், அதுவும் சின்னச் சின்னதாக, கொத்துக் கொத்தாக. வெயில் விழும் முற்றத்தில் உண்ணிச்செடி புதராக மண்டும், ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூ இருக்கும். இருட்டான உள் அறையில் உண்ணிச்செடி நிற்காது, அதற்கு வெயில் வேண்டும். அறைக்குள், கூரை ஓட்டைக்கு நேர் கீழே மட்டும் புல்லோ கன்றோ முளைத்திருப்பது பொருத்தம், ஏனென்றால் வெளிச்சமும் மழையும் சேர்ந்து விழுகிற இடம் அதுதான்.

காலக்கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். பாசியும் பெரணியும் சில மழைக்காலங்களிலேயே வந்துவிடும். தொடை தடிமனுக்கு வேர் இறங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அவ்வளவு பெரிய வேர் தெரிகிற அறையில் ஜன்னல் கண்ணாடி பளபளவென்று இருக்கக் கூடாது, மர நாற்காலி வார்னிஷ் மின்னக் கூடாது. பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாமல் "என்னமோ செட் மாதிரி இருக்கு" என்பது இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தான்.

`moss`னு போட்டதும் சுவர், கூரை, நாற்காலி எல்லாத்துலயும் பச்சைக் கம்பளம் விரிச்சுடுது. எப்படிக் குறைக்கிறது?

பாசி எங்கே இருக்க முடியுமோ அந்த இடத்தைச் சேர்த்து எழுதுங்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மண்ணுக்கடியில் இருக்கும் நீரை மரம் போல உறிஞ்சி மேலே ஏற்ற அதற்கு வழியில்லை, மேலே படுகிற ஈரத்தைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் தங்கித் தங்கி வடியும் இடங்களில்தான் இருக்கும். சுவரின் அடி, ஜன்னலின் கீழ்விளிம்பு, கருங்கல் படியின் மூலை, உடைந்த ஓட்டிலிருந்து சொட்டும் கோடு. செங்குத்தான சுவரின் மேற்பகுதி மழையில் நனைந்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே நம் ஊர்ச் சுவர்களில் பார்ப்பது கருப்புக் கறை, மேலிருந்து கீழாக வடிந்த கோடுகள். அதை `black rain streaks on upper walls` என்று சேர்த்தால் பச்சையும் குறையும், சுவரும் நம் ஊர்ச் சுவராகிவிடும்.

உயரத்தையும் சொல்லுங்கள். சுவர்ப் பாசி பெரும்பாலும் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாது. `thin velvety moss` என்றால் சரியாக வரும். `lush`, `overgrown` போன்ற சொற்களைப் பாசிக்குப் பக்கத்தில் வைத்தால் புல்தரை ஆகிவிடும்.

பாசி வடக்குப் பக்கம்தான் வளரும் என்று எங்கோ படித்துவிட்டு அதையும் பிராம்ப்டில் போடுகிறார்கள். அது குளிர் நாட்டுக் கணக்கு. ஏற்காடு 11.8 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. எனவே வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. இங்கே திசையைவிட, மரநிழலும் ஒழுகலும்தான் பாசியைத் தீர்மானிக்கின்றன.

`god rays` போட்டேன். நாலு பக்கத்துலேர்ந்தும் டார்ச் அடிச்ச மாதிரி வருது. சில சமயம் ஒண்ணுமே வரல. என்ன தப்பு?

கீற்று தெரிய நான்கு விஷயங்கள் சேர வேண்டும். வெளிச்சம் நுழையச் சிறிய வழி, நடுவில் காற்றில் மிதக்கும் தூசியோ பனித்துளியோ, பின்னால் இருட்டான சுவர், கூடவே வெளிச்சம் வரும் பக்கத்தை ஓரளவு நோக்கிய பார்வை. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கீற்று மங்கலாகவே தெரியும். பிராம்ப்டில் இந்த நாலில் ஒன்று விட்டுப்போனாலும் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பும். முழுக் கூரையும் போன அறையில் கீற்று கேட்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிரச்சினை. கூரையே இல்லாவிட்டால் எல்லா இடமும் வெளிச்சம், கீற்று எங்கிருந்து தெரியும்?

அடுத்தது திசை. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் ஓட்டைகள் எத்தனை இருந்தாலும் கீற்றுகள் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் வரும். பார்க்கும் கோணத்தால் விசிறி மாதிரி விரிவது போலத் தோன்றலாம், ஆனால் எல்லாவற்றையும் பின்னோக்கி நீட்டினால் ஒரே புள்ளியில், சூரியன் இருக்குமிடத்தில், போய்ச் சேரும். ஒரு கீற்று இடமிருந்தும் இன்னொன்று வலமிருந்தும் வந்தால் படத்தைத் தூக்கிப் போடுங்கள். `parallel sunbeams from one direction` என்று எழுதி, ஓட்டை எங்கே என்பதையும் சொன்னால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும். கீற்று போய் விழும் இடத்தையும் சொல்ல வேண்டும். தரையில் வெளிச்சத் திட்டு இல்லாமல் பாதி வழியில் கரைந்துபோகும் கீற்று பொய்யாகத் தெரியும்.

நேரத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் ஏற்காட்டில் காலை 8 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 25 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும், 9.30க்கு ஏறக்குறைய 45 டிகிரி. எட்டு மணி வெயில் தாழ்வாகக் கதவு, ஜன்னல் வழியேதான் நுழையும். ஒன்பதரை வெயில் கூரை ஓட்டை வழியே சாய்வாக இறங்கும். 45 டிகிரி என்றால் கணக்கு சுலபம். ஓட்டை 12 அடி உயரத்தில் இருந்தால், திட்டு அதிலிருந்து எதிர்ப்பக்கம் 12 அடி தள்ளி விழும். ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், அப்போது கீற்று கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி நேராக இறங்கும். அழகுதான், ஆனால் அட்டைப்படத்துக்குச் சாய்வுதான் நன்றாக உட்காரும் என்பது என் அபிப்பிராயம்.

பனி வேணும்னு `heavy fog`னு போட்டேன். கீற்றும் கேட்டேன். ரெண்டும் சேந்து வந்த மாதிரியே இல்லையே?

சேராது. அடர்ந்த பனி இறங்கியிருக்கும்போது மேலே வெயிலே தெரிவதில்லை, அப்புறம் கீற்றுக்கு வெளிச்சம் ஏது? பனி விலகிக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் கீற்றுக்கு உரியது. `thin mist, clearing` என்று போடுங்கள்.

தூசியா பனியா என்பதிலும் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. மார்ச் மாதக் காய்ந்த அறையில் தூசி பறக்கும், ஆனால் பாசி காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். மழைக்காலத்தில் பாசி பச்சையாக இருக்கும், ஆனால் தூசி அடங்கிவிடும். பச்சைப் பாசி வேண்டும் என்றால் காற்றில் மெல்லிய பனியை வையுங்கள், தூசி கேட்காதீர்கள்.

அமைதியா இருக்கணும்னு கேட்டா பேய் பங்களா வருதுங்க. `peaceful`, `calm`, `serene` மூணுமே போட்டுட்டேன்.

அந்த மூன்று சொற்களும் எதை வரைய வேண்டும் என்று சொல்வதில்லை. `abandoned` என்ற ஒரு சொல் ஏகப்பட்ட திகில் படங்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. நீல இருட்டு, சாய்ந்த கேமரா, தரையில் உடைந்த பொம்மை. உணர்ச்சிச் சொல்லை அடுக்கி அதை ஜெயிக்க முடியாது. எந்தக் கூறு பயத்தைத் தருகிறதோ அதை மாற்ற வேண்டும்.

முதலில் நிழலின் நிறம். கீற்று தெரிய இருட்டு தேவை என்று மேலே சொன்னேன், ஆனால் அந்த இருட்டு கருப்பாக இருக்க வேண்டியதில்லை. இலைகளுக்கு ஊடே வடிகட்டி வந்த பச்சை நிழல் போதும், `soft green shade`. இரண்டாவது கேமரா. நேராக, உட்கார்ந்த ஆளின் கண் உயரத்தில் வையுங்கள். தரையோடு தரையாக அண்ணாந்து பார்த்தாலோ சாய்த்துப் பார்த்தாலோ பதற்றம் வந்துவிடும். மூன்றாவது, பொருட்களின் எண்ணிக்கை. உடைந்த சாமான் குவியல் ஓர் அவசரத்தைக் காட்டும், ஏதோ நடந்து ஆட்கள் ஓடிவிட்ட மாதிரி. ஒரே ஒரு மர நாற்காலி, ஜன்னலைப் பார்த்துப் போட்டபடி இருந்தால், வீட்டுக்காரர் நிதானமாகக் கிளம்பிப் போன மாதிரி தோன்றும். நான் அறையில் ஒரு பொருளுக்கு மேல் வைப்பதில்லை.

`haunted`, `eerie`, `creepy`, `decay` என்ற சொற்கள் உங்கள் பிராம்ப்டில் எங்கும் இருக்கக் கூடாது. `abandoned` என்பதற்குப் பதில் `long empty` என்று போட்டுப் பார்த்தாலும் திகில் வாடை கணிசமாகக் குறையும்.

"ஆள் இல்லாம"ன்னு எழுதுனா ஆளைக் கொண்டாந்து நிறுத்துது!

பிராம்ப்டில் `no people` என்று எழுதினால், பல மென்பொருள்கள் `no` வைக் கவனிக்காமல் `people` என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேண்டாததை எழுதத் தனி இடம் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் `Negative prompt` என்ற பெட்டி, மிட்ஜர்னியில் `--no`.

```
--no people, ivy, tea plantation, text
```

பெட்டியில் போடும்போது `--no` இல்லாமல் சொற்களை மட்டும் போடுங்கள். சில புதிய மாடல்களில் இந்தப் பெட்டியே கிடையாது. அங்கே ஆளைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், `empty room` என்று இருப்பதைச் சொல்வதுதான் வழி.

சரி, முழுசா ஒண்ணு எழுதிக் காமிங்க.

தமிழில் இப்படித் தொடங்குகிறேன். அக்டோபர் காலை ஒன்பதரை மணி. காபி எஸ்டேட் பங்களாவின் நடு அறை. இடது பக்கம் தூரத்தில் கூரையில் ஒரே ஓட்டை, மற்ற ஓடுகள் அப்படியே. இரவு மழை பெய்து விட்டிருக்கிறது, பனி விலகுகிறது. வெயில் சாய்வாக வலது பக்கத் தரையில் விழுகிறது. எதிர்ச்சுவரின் உச்சியிலிருந்து இச்சி வேர் இறங்கியிருக்கிறது. பாசி சுவரடியிலும் ஜன்னல் விளிம்பிலும். ஒரு நாற்காலி.

```
Long empty coffee estate bungalow room, South India,
clay tile roof with one hole at far left,
parallel sunbeams slanting to wet floor at right, thin mist,
fig roots growing down from top of lime plaster wall,
thin moss at wall base and window sill, small ferns,
one old wooden chair, soft green shade, eye level
```

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பழைய வடிவங்கள் 75 சொல்துண்டுகளை ஒரு கட்டாக எடுத்துக்கொள்ளும். பெட்டி ஓரத்தில் எண்ணிக்கை தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் கட்டு பிரியும், பின்னால் உள்ளவற்றின் பிடி தளரும். அதனால்தான் கட்டிடத்தையும் ஓட்டையையும் முன்னால் வைத்தேன், நாற்காலியைக் கடைசியில்.

இதற்கு வழக்கமாக வரும் கோளாறு மூன்று. வலது பக்கம் ஜன்னல் வரைந்து அதிலிருந்தும் ஒரு கீற்றை விடும். அப்போது `shuttered window` என்று மாற்றுவேன், ஜன்னல் மூடிவிட்டால் வெளிச்சம் ஒரே வழிதான். வெளியே காபிச் செடி தெரிய வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைத்து அந்தப் பக்கம் நிழலாக்கிவிடலாம். அடுத்து, வேர் சுவரை விட்டு விலகி அந்தரத்தில் தொங்கும். `clinging flat to the wall` சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஓடுகள் மீன் செதில் போல வளைந்து வரும். அது மாடலின் பழக்கம், சில மாடல்களில் எவ்வளவு எழுதினாலும் மாறாது. ஓடு தெரியும் பகுதியைக் குறைத்துப் படத்தை வெட்டிக்கொள்வது வேகமான வழி.

ஒவ்வொரு திருத்தத்தின்போதும், படம் எந்தப் புள்ளிக்கூட்டத்திலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் `Seed` எண்ணை மாற்றாமல், ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். எண்ணும் மாறிச் சொல்லும் மாறினால் எதனால் படம் மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கலாமாமே?

ஸ்டேபிள் டிஃப்யூஷன் இடைமுகங்கள் பலவற்றில் முடியும்.

```
(parallel sunbeams:1.2), (moss:0.8)
```

1க்கு மேல் என்றால் அழுத்தம், கீழே என்றால் தளர்வு. 1.3க்கு மேல் போனால் கீற்று கண்ணாடிக் குழாய் மாதிரி கெட்டியாகிவிடும். பாசிக்கு நான் அழுத்தம் கொடுத்ததே இல்லை, குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

குறும்படத்துக்கு இதே பங்களா உள்ளே ஒண்ணு, தாழ்வாரத்துலேர்ந்து ஒண்ணு வேணும். `Seed` ஒண்ணா வெச்சா அதே வீடு வருமா?

வராது. அந்த எண் ஒன்றாக இருந்தால் தொடக்கப் புள்ளிக்கூட்டம் ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு சொல் மாறினால் பரவாயில்லை, காட்சியே மாறும்போது வீடும் மாறிவிடும். அது எந்த வீட்டையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

ஒரே வீடு வேண்டுமென்றால் கையில் ஒரு அடிப்படைப் படம் இருக்க வேண்டும். நீங்களே எடுத்த புகைப்படம் போதும். அதை உள்ளீடாகக் கொடுத்து, எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைக் குறிக்கும் `Denoising strength` ஐ 0.4 முதல் 0.5க்குள் வைத்தால் சுவரும் கதவும் இடம் மாறாமல் பாசியும் வேரும் வெளிச்சமும் மட்டும் ஏறும். 0.7 தாண்டினால் வீடு கைவிட்டுப் போகும். புகைப்படம் எடுக்கக் காலி பங்களாவுக்குள் நுழைய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி என்றாலும் அதற்கு உரிமையாளர் இருப்பார், கேட்டுவிட்டுப் போங்கள். கைமரம் மக்கிய கூரைக்குக் கீழே நிற்காதீர்கள். ஓட்டுக் குவியலில் கை வைக்காதீர்கள், பாம்பு இருக்கும். உங்கள் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தை எடுத்துக் கொடுத்தாலே போதும், இடிப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

"ஏற்காட்டில் யாரும் அறியாத இடம்"னு போட்டா நல்லா ஷேர் ஆகும்ணா. போடலாமா?

கூடாது. அந்த இடம் இல்லை. சனி ஞாயிறு சேலத்திலிருந்து வண்டி எடுத்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, யாரோ ஒருவருடைய எஸ்டேட் வேலியைத் தாண்டி அதைத் தேடுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். கணினியில் உருவாக்கிய படம் என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். கீழே விளக்கத்தில் எழுதினால், பகிரும்போது படம் மட்டும் தனியாகப் போய்விடும்.

போன்ல சூப்பரா இருந்துச்சு, அட்டையில அச்சடிச்சா பாசி பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. ஏன்?

அளவு போதாததால். பல மாடல்களில் நீளவாக்குப் படம் 832க்கு 1216 பிக்சல் அளவில் வரும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அந்தக் கணக்கில் இது மூன்று அங்குலம் அகலத்துக்குக்கூட வராது. ஐந்தரை அங்குல அகலப் புத்தக அட்டைக்கே 1650 பிக்சல் தேவை. குறைவதைப் பெரிதாக்கும் மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. சுவர், மரம், ஓடு எல்லாம் தாங்கும். பாசியும் பெரணியும் மிகச் சிறிய கூறுகளால் ஆனவை என்பதால் அங்கேதான் முதலில் வழவழப்பாகும்.

நான் செய்வது, நான்கு மடங்கு பெரிதாக்கிவிட்டு, தேவையான அளவுக்குக் குறைப்பது. பிறகு பாசி இருக்கும் சதுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, `Denoising strength` 0.3 வைத்து, `thin velvety moss on wet stone, close-up` என்ற பிராம்ப்டோடு அந்த இடத்தை மறுபடி வரையவிடுவது. கடைசியாகப் படம் முழுவதும் மணல்துகள் போன்ற லேசான புள்ளிகளைத் தூவினால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. அச்சில் நிழல்கள் திரையில் தெரிவதைவிட இன்னும் கொஞ்சம் இருளும், அதனால் அச்சகத்துக்கு அனுப்புமுன் பச்சை நிழலை ஒரு படி வெளுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.